இருநூறு கணக்கு வேண்டாம், இரண்டு அட்டவணை போதும்

கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களிடையே வேலைப்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்துவிட்டால் ஒரு பட்டியல் கைமாறத் தொடங்கும். "நேர்காணலில் வரும் 200 கணக்குகள்" என்பது போல அதற்கு ஒரு தலைப்பு இருக்கும். மூத்த மாணவர்கள் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். அவர்கள் அடுத்த ஆண்டு அதில் இன்னும் பத்தைச் சேர்த்து அடுத்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் எல்லாரையும் பயமுறுத்தும் பகுதி ஒன்று உண்டு. அதன் பெயர் டைனமிக் புரோகிராமிங். 1950களில் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் வைத்த பெயர் அது. பெயர்தான் மிரட்டுகிறதே தவிர, விஷயம் எளியது. ஒரு பெரிய கேள்விக்கு விடை காண, அதே கேள்வியின் சிறிய வடிவங்களுக்கு முதலில் விடை கண்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை அட்டவணையில் எழுதிவைத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டே பெரிய விடைக்கு ஏறிப் போவது.

அந்தப் பகுதியிலுள்ள கணக்குகளை வரிசையாக மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து. அவற்றில் பெரும்பங்கு இரண்டே அட்டவணைகளின் மாறுவேடங்கள். ஒன்று நாப்சாக் எனும் முதுகுப்பைக் கணக்கு. மற்றொன்று இரண்டு சொற்களுக்குப் பொதுவான மிக நீண்ட எழுத்துத் தொடரைக் கண்டுபிடிக்கும் கணக்கு, இதை எல்.சி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நேர்காணல் நடத்துபவர்கள் கதையை மாற்றுவார்கள், எண்களை மாற்றுவார்கள், கேள்வியின் கடைசி வாக்கியத்தை மாற்றுவார்கள். அடியில் இருக்கும் அட்டவணை மாறாது. அந்த இரண்டையும் பென்சிலால் ஒருமுறை நிரப்பிப் பார்த்தவருக்கு, இரண்டிலும் ஒரே ஒரு நுட்பம்தான் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்: எடுத்த ஒன்றை மறுபடியும் எடுக்காமல் பார்த்துக்கொள்வது.

முதலில் முதுகுப்பை. விடுமுறைக்கு ஊருக்கு விமானத்தில் போகிறோம். கையில் எடுத்துச் செல்ல 7 கிலோதான் அனுமதி. வீட்டில் நான்கு பொருள்கள் இருக்கின்றன. காலணி 1 கிலோ, அதன் மதிப்பு 1. முறுக்கு டின் 3 கிலோ, மதிப்பு 5. புத்தகக் கட்டு 4 கிலோ, மதிப்பு 7. கேமராப் பெட்டி 5 கிலோ, மதிப்பு 10. மதிப்பு என்பது அந்தப் பொருள் நமக்கு எவ்வளவு வேண்டியது என்று நாமே போட்ட மதிப்பெண். எந்தப் பொருளையும் பாதியாக வெட்ட முடியாது. 7 கிலோவுக்குள் அதிக மதிப்பை எப்படி அள்ளுவது?

பார்த்தவுடன் தோன்றும் வழி, கிலோவுக்கு அதிக மதிப்புத் தருவதை முதலில் எடுப்பது. கேமரா கிலோவுக்கு 2 தருகிறது; அதுதான் முதலிடம். அதை எடுத்தால் 2 கிலோ மிஞ்சும். புத்தகமும் முறுக்கும் நுழையாது, காலணி நுழையும். மொத்தம் 11. ஆனால் கேமராவை விட்டுவிட்டு, புத்தகத்தையும் முறுக்கையும் எடுத்தால் சரியாக 7 கிலோ, மதிப்பு 12. பேராசைக்காரன் முறை என்று சொல்லப்படும் அந்த முதல் வழி இங்கே தோற்றுவிடுகிறது. காரணம், மிஞ்சிய 1 கிலோ காலியாகவே போனது. நான்கு பொருளுக்கு 16 சேர்க்கைகள்தான், எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம். 30 பொருள் என்றால் சேர்க்கைகள் ஒரு பில்லியனைத் தாண்டிவிடும். அங்கேதான் அட்டவணை வேண்டும்.

ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருள், ஒவ்வொரு பத்தியும் 0 முதல் 7 வரை ஒரு கிலோ அளவு. முதல் வரிசை எந்தப் பொருளும் இல்லாத நிலை, அதனால் எல்லாம் சுழியம். அதற்குக் கீழே காலணி, முறுக்கு, புத்தகம், கேமரா என்று வரிசையாகச் சேர்க்கிறோம்.

```
kg:      0  1  2  3  4  5  6  7
         0  0  0  0  0  0  0  0
1kg/1    0  1  1  1  1  1  1  1
3kg/5    0  1  1  5  6  6  6  6
4kg/7    0  1  1  5  7  8  8 12
5kg/10   0  1  1  5  7 10 11 12
```

ஒரு கட்டத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். புத்தக வரிசையில் 7 கிலோ பத்தியில் 12 இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது நமக்கு இரண்டே வாய்ப்பு. புத்தகத்தை விட்டுவிட்டால், மேல் வரிசையில் அதே பத்தியில் உள்ள 6 அப்படியே இறங்கிவரும். புத்தகத்தை எடுத்தால் 7 மதிப்பு கிடைக்கும், ஆனால் 4 கிலோ செலவாகும். மிஞ்சிய 3 கிலோவில் என்ன கிடைக்கும் என்பதை மேல் வரிசையின் 3ஆம் பத்தி சொல்கிறது, அது 5. ஏழும் ஐந்தும் 12. இரண்டில் பெரியது 12, அதை எழுதுகிறோம். கடைசி வரிசையில் கேமராவை எடுத்தால் 10, மிஞ்சிய 2 கிலோவுக்கு மேல் வரிசையில் 1, ஆக 11. விட்டுவிட்டால் 12. எனவே விட்டுவிடுகிறோம். விடை 12.

இரண்டு வாய்ப்பிலும் நாம் பார்ப்பது மேல் வரிசையைத்தான். காரணம், மேல் வரிசைக்குப் புத்தகம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அங்கிருந்து எடுக்கும் எண்ணில் புத்தகம் ஏற்கெனவே கலந்திருக்க வழியில்லை. பொருள் ஒருமுறைதான் எடுக்கப்படும் என்பதற்கான உத்தரவாதம் அந்த ஒரு வரிசை ஏற்றத்தில்தான் இருக்கிறது.

இப்போது நேர்காணலுக்கு வருவோம். மாணவர் அட்டவணையைப் போட்டு முடித்தவுடன் பெரும்பாலும் வரும் அடுத்த கேள்வி, "இதை ஒரே வரிசையில் செய்ய முடியுமா?" என்பது. முடியும். மேல் வரிசை மட்டும்தானே தேவை, அதன்மேலேயே புதிய எண்களை எழுதிக்கொண்டு போகலாம். நிரல் இவ்வளவுதான்:

```python
best = [0] * 8
for kg, val in [(1, 1), (3, 5), (4, 7), (5, 10)]:
    for w in range(7, kg - 1, -1):
        best[w] = max(best[w], best[w - kg] + val)
```

இதில் உயிர் நாடி அந்த `-1`. பத்திகளை 7இலிருந்து கீழ்நோக்கி நிரப்ப வேண்டும். அப்படிச் செய்தால், ஒரு கட்டத்தை எழுதும்போது அதற்கு இடப்பக்கம் உள்ள எண்கள் இன்னும் பழைய வரிசைக்கு உரியவையாகவே இருக்கும். மாறாக, சிறிய பத்தியிலிருந்து மேல்நோக்கிப் போனால் இடப்பக்க எண்கள் ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்டிருக்கும். இப்போது எடுக்கப்போகும் பொருள் அவற்றுக்குள் ஒளிந்திருக்கும். காலணியை வைத்தே பாருங்கள். 1 கிலோவில் 1. 2 கிலோவில், இடப்பக்கம் உள்ள 1உடன் இன்னொரு 1 சேர்ந்து 2. இப்படியே 7 கிலோவில் 7. ஒரே ஒரு ஜோடிக் காலணி ஏழு ஜோடியாகிவிட்டது!

மனப்பாடம் செய்தவர்கள் வழுக்கும் இடம் இது. சூத்திரம் நினைவில் இருக்கும், திசை மறந்துபோகும். நிரல் பிழைச்செய்தி எதுவும் தராமல் ஓடும். விடை மட்டும் பெரிதாக வரும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே ஒரு பொருளைக் கொடுங்கள்: 1 கிலோ, மதிப்பு 1, பையின் கொள்ளளவு 7. விடை 1 வந்தால் சரி. 7 வந்தால் திசை தவறு. பத்து விநாடி வேலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தவறான திசை இன்னொரு கணக்கின் சரியான விடை. ஒரு பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டால் மேல்நோக்கிப் போவதுதான் முறை. நாணயக் கணக்கு அந்த வகை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 5, 10, 20, 50 என்று நாணயங்கள் இருப்பதால், பெரிய நாணயத்தை முதலில் கொடுத்துக்கொண்டே போனால் குறைந்த எண்ணிக்கையில் சில்லறை கொடுத்துவிடலாம். கடைக்காரருக்கு அட்டவணை தேவைப்படாது. அதனால்தான் நேர்காணலில் இந்த நாணயங்களைக் கொடுக்க மாட்டார்கள். 1, 3, 4 என்று ஒரு விநோத நாட்டு நாணயங்களைக் கொடுத்து 6 வேண்டும் என்பார்கள். பெரியதை முதலில் எடுத்தால் 4, 1, 1 என்று மூன்று நாணயம். சரியான விடை 3, 3 என்று இரண்டு. முதுகுப்பை அட்டவணைதான், பெரியதைத் தேடும் இடத்தில் சிறியதைத் தேட வேண்டும், தொடக்கத்தில் 0 கிலோவைத் தவிர மற்ற கட்டங்களில் சுழியத்துக்குப் பதிலாக ஒரு மிகப் பெரிய எண்ணைப் போட வேண்டும். அவ்வளவே.

இன்னொரு வேடம்: "3, 1, 4, 2 என்ற எண்களை இரண்டு சமமான கூட்டாகப் பிரிக்க முடியுமா?" இதில் பை எங்கே, எடை எங்கே என்று தேடுவோம். மொத்தம் 10, பாதி 5. 5 கிலோ பையை இந்த எண்களால் துல்லியமாக நிரப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. 3உம் 2உம் போட்டால் நிரம்பும். மீதமுள்ள 1உம் 4உம் தானாகவே 5 ஆகிவிடும். மொத்தம் ஒற்றைப்படையாக இருந்தால் அட்டவணையே தேவையில்லை, முடியாது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். நேர்காணல் நடத்துபவர் அதையும் கவனிப்பார்.

இனி இரண்டாவது அட்டவணை. பையில் எதை முதலில் போட்டோம் என்பது முக்கியமில்லை. எல்.சி.எஸ். கணக்கில் வரிசைதான் எல்லாமே. தமிழகம், தகரம் என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். த, மி, ழ, க, ம் என்று ஐந்து எழுத்து. த, க, ர, ம் என்று நான்கு எழுத்து. இரண்டிலும் அதே வரிசையில் வரும் எழுத்துகளை, நடுவில் உள்ளவற்றைத் தாண்டிக்கொண்டு, பொறுக்கினால் எவ்வளவு நீளம் வரும்? த, க, ம் என்று மூன்று. எழுத்துகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. கட்டாயம் இருந்தால் அது வேறு கணக்கு, விடை 1தான் வரும். கேள்வியைக் கேட்டவுடன் "இடையில் தாண்டலாமா?" என்று திருப்பிக் கேட்பது நல்லது.

```
      த  க  ர  ம்
   0  0  0  0  0
த  0  1  1  1  1
மி 0  1  1  1  1
ழ  0  1  1  1  1
க  0  1  2  2  2
ம் 0  1  2  2  3
```

கட்டத்தை நிரப்பும் விதி இதுதான். அந்த வரிசையின் எழுத்தும் பத்தியின் எழுத்தும் வேறு வேறு என்றால், மேலே உள்ளதிலும் இடப்பக்கம் உள்ளதிலும் பெரியதை எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே எழுத்து என்றால், மேல் இடது மூலையில் உள்ள எண்ணுடன் ஒன்றைக் கூட்ட வேண்டும். கடைசிக் கட்டத்தில் ம் என்பதும் ம் என்பதும் பொருந்துகின்றன. மூலையில் 2, ஆக 3.

ஏன் மூலை? ஏன் இடப்பக்கத்துடன் ஒன்றைக் கூட்டக்கூடாது? காரணம், ஓர் எழுத்தை இன்னோர் எழுத்துடன் ஜோடி சேர்த்துவிட்டால் இரண்டுமே செலவாகிவிட்டன. இரண்டு சொல்லிலும் ஒவ்வோர் எழுத்துப் பின்வாங்க வேண்டும், அதாவது ஒரு வரிசை மேலே, ஒரு பத்தி இடப்பக்கம். இடப்பக்கத்தை மட்டும் பார்த்தால், வரிசையில் உள்ள எழுத்து இன்னும் செலவாகாத கணக்கில் நிற்கும். அதை மறுபடியும் ஜோடி சேர்த்துவிடுவோம். சோதனையும் பழையது போலத்தான். "அ" என்ற ஒரு எழுத்தையும் "அஅஅ" என்ற மூன்று எழுத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். விடை 1 வர வேண்டும். 3 வந்தால் மூலையைப் பார்க்கவில்லை என்று பொருள். ஏழு ஜோடிக் காலணியும் இந்த மூன்று அகரமும் ஒரே நோய்தான்.

இந்த ஒற்றுமையைப் பாடப்புத்தகம் தனித்தனி அத்தியாயங்களில் வைத்துவிடுவதால் நமக்குத் தெரியாமல் போகிறது. எனக்கு இது புரிந்தது, எங்கள் விடுதியில் ஒரு மூத்த மாணவி நடத்திய பயிற்சி நேர்காணல்களில் உட்கார்ந்து பார்த்தபோதுதான். என் வகுப்பு நண்பன் ஒருவன் முதுகுப்பை நிரலை மூன்று நிமிடத்தில் எழுதிவிட்டான். அக்கா பாராட்டவில்லை. அட்டவணையின் நடுவில் ஒரு கட்டத்தைத் தொட்டு, "தம்பி, இந்த எண் எதைச் சொல்லுது?" என்று கேட்டார். அவன் "டிபி ஆஃப் ஐ டபிள்யூ" என்றான். "அது அதோட பேரு. அது என்ன சொல்லுது?" அவனால் சொல்ல முடியவில்லை. பிறகு அவர் ஒரு சிறு மாற்றம் கேட்டார்: ஒவ்வொரு பொருளிலும் இரண்டு இருந்தால்? கட்டம் எதைச் சொல்கிறது என்று தெரியாதவனால் அதை எங்கிருந்து தொடங்குவது? தெரிந்திருந்தால் விடை அற்பம்: ஒவ்வொரு பொருளையும் பட்டியலில் இரண்டு முறை எழுதிவிட்டால் போதும்.

இதற்கு நான் கண்ட வழி, கட்டத்தின் பொருளைத் தமிழில் ஒரு முழு வாக்கியமாகச் சொல்வது. இருமொழியில் படித்த நமக்கு ஆங்கிலத்தில் அரைகுறையாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. தமிழ் அதற்கு இடம் கொடுக்காது. "முதல் மூன்று பொருள்களை மட்டும் கொண்டு, 5 கிலோவுக்குள், கிடைக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பு." நிபந்தனைகள் முன்னால் வந்துவிடுகின்றன, கேட்கப்படும் அளவு கடைசியில் வருகிறது. முதல் நிபந்தனைதான் வரிசை, இரண்டாவது பத்தி, கடைசியில் நிற்பது கட்டத்துக்குள் இருக்கும் எண். எல்.சி.எஸ்.க்கு: "முதல் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளிலும், இரண்டாம் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளிலும், பொதுவாக உள்ள மிக நீண்ட தொடரின் நீளம்." அட்டவணையில் க என்ற வரிசையில் க என்ற பத்தியைப் பாருங்கள், 2 இருக்கும். த, க. நேர்காணலில் ஆங்கிலத்தில்தான் பேசப்போகிறோம். ஆனாலும் மனத்துக்குள் இந்த வாக்கியம் இருந்தால் வாயில் வருவது தெளிவாக வரும்.

இந்த வாக்கியம் உண்மையில் காப்பாற்றும் இடம், ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றும் கணக்கு. ஓர் எழுத்தைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு. தமிழகத்தைத் தகரமாக்க எத்தனை செலவு? மி, ழ இரண்டையும் நீக்கி, ர சேர்த்தால் மூன்று. இது எல்.சி.எஸ். அட்டவணையின் நெருங்கிய உறவு. எழுத்துப் பொருந்தினால் மூலை எண் அப்படியே வரும், பொருந்தாவிட்டால் மூன்று அண்டைக் கட்டங்களிலும் சிறியதுடன் ஒன்று. எல்.சி.எஸ். அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே ஓரங்களில் சுழியம் போட்டுவிடுவார்கள். ஆனால் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்: "முதல் சொல்லின் சுழிய எழுத்துகளை, இரண்டாம் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளாக மாற்ற ஆகும் குறைந்த செலவு." ஒன்றுமில்லாததைத் தகரமாக்க நான்கு எழுத்தையும் சேர்த்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் 4 வரும். ஓரத்தில் 0, 1, 2, 3, 4 என்று எண்கள் ஏறும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலிண்ட்ரோம் எனும் மாலைமாற்றுக் கணக்கு இன்னொரு வேடம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல், நமக்குத் தெரிந்த விகடகவி மாதிரி. "விகடன்கவி" என்று ஒரு சரத்தைக் கொடுத்து, எத்தனை எழுத்தை நீக்கினால் இது மாலைமாற்றாகும் என்று கேட்டால், இரண்டாவது சொல் எங்கே என்று தேட வேண்டாம். அதே சரத்தின் தலைகீழ்தான் இரண்டாவது சொல். இரண்டுக்கும் எல்.சி.எஸ். கண்டால் 5. மொத்தம் 6 எழுத்து. ஆகவே ஒன்றை நீக்கினால் போதும்.

இங்கே தமிழ் மாணவர்களுக்கு மட்டும் ஒரு சிறு எச்சரிக்கை. பைத்தானில் `"விகடகவி" == "விகடகவி"[::-1]` என்று தட்டிப் பாருங்கள், `False` என்று வரும். யூனிகோடில் "வி" என்பது வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். தலைகீழாக்கும்போது குறி முன்னால் போய்விடுகிறது. கோடை, கொடை இரண்டையும் குறியீடுகளாக ஒப்பிட்டால் மூன்று பொருந்தும். எழுத்துகளாக ஒப்பிட்டால் டை ஒன்றுதான் பொருந்தும். தமிழில் எல்.சி.எஸ். போடுவதென்றால் முதலில் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துப் பட்டியலாக்கிக்கொள்ள வேண்டும். அட்டவணைக்கு அது எழுத்தா, குறியீடா, முழு வரியா என்ற கவலை இல்லை; நாம்தான் கவலைப்பட வேண்டும்.

இதையெல்லாம் வேலையில் யார் எழுதுகிறார்கள், பிறகு ஏன் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நண்பர்கள் சலித்துக்கொள்வதுண்டு. பாதி நியாயம். அலுவலகத்தில் யாரும் வெள்ளைப் பலகையில் முதுகுப்பை நிரப்புவதில்லை. ஆனால் நாம் தினமும் பயன்படுத்தும் கிட் இரண்டு பதிப்புகளுக்கு இடையே எந்த வரிகள் மாறின என்று சிவப்பிலும் பச்சையிலும் காட்டுகிறதே, அந்த வேலை எல்.சி.எஸ். குடும்பத்துக் கணக்கு. எழுத்துக்குப் பதில் வரி. யூனிக்ஸின் `diff` கருவியை 1970களில் ஹன்ட், மெக்கில்ராய் இருவரும் அந்த அடிப்படையில்தான் அமைத்தார்கள். எனவே ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதில் எனக்கு மறுப்பு இல்லை. என் மறுப்பு வேறு. முழு நிரலை மட்டும் எழுதச் சொல்லி, அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பிவிடும் நேர்காணல் நினைவாற்றலைத்தான் அளக்கிறது. நான்கு பொருளைக் கொடுத்து, இரண்டு வரிசையைக் கையால் நிரப்பச் சொல்லி, ஒரு கட்டத்தைக் காட்டி அந்த அக்கா கேட்ட கேள்வியைக் கேட்டால், அரை மணி நேரத்தில் தெரிய வேண்டியது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அட்டவணைக்கு எல்லையும் உண்டு. நல்ல நேர்காணல்களில் கடைசிக் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும். அதே பையை 7 கிலோ என்று சொல்லாமல் 7000 கிராம் என்று சொல்லுங்கள். பொருள்கள் மாறவில்லை, பை மாறவில்லை, ஆனால் பத்திகள் 8இலிருந்து 7001ஆகப் பெருகிவிட்டன. முதுகுப்பை அட்டவணையின் வேலை, பொருள்களின் எண்ணிக்கையோடு மட்டுமல்ல, கொள்ளளவு என்ற எண்ணின் பருமனோடும் சேர்ந்து வளர்கிறது. 1972இல் ரிச்சர்ட் கார்ப் பட்டியலிட்ட 21 கடினமான கணக்குகளில் முதுகுப்பையும் ஒன்று. அட்டவணை அந்தக் கடினத்தைத் தீர்த்துவிடவில்லை, எண்கள் சிறியவையாக இருக்கும்வரை ஒளித்துவைக்கிறது. கொள்ளளவு ஒரு பில்லியன், பொருள்கள் 20 என்று கேட்டால், ஒரு பில்லியன் பத்தி போடுவது அபத்தம். 20 பொருளின் சேர்க்கைகள் 1,048,576தான். அவற்றை நேராகவே எண்ணிப் பார்த்துவிடலாம். கேள்வியில் கொடுக்கப்பட்ட எண்களின் அளவை முதலில் பார்ப்பவர் இதில் மாட்டமாட்டார்.

எல்.சி.எஸ்.க்கு அந்தக் கஷ்டம் இல்லை, அதற்கு வேறொன்று. ஆயிரம் வரிகள் உள்ள இரண்டு கோப்புகளுக்கு ஒரு மில்லியன் கட்டங்கள், கண்ணிமைக்கும் வேலை. ஒரு லட்சம் வரிகள் உள்ள இரண்டு கோப்புகளுக்கு 10 பில்லியன் கட்டங்கள். கிட் இந்த முழு அட்டவணையையும் நிரப்புவதில்லை. யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட முறையை அது இயல்பாகப் பயன்படுத்துகிறது. அந்த முறையின் வேலை கோப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டு பதிப்புகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அட்டவணையின் மூலைக்கோட்டை ஒட்டிய சிறு பகுதியைத் தொட்டாலே போதும்.

ஒரே வரிசையில் சுருக்கும் வித்தைக்கும் ஒரு விலை இருக்கிறது. "மதிப்பு 12 சரி, எந்தப் பொருள்களை எடுத்தாய்?" என்று கேட்டால் ஒரே வரிசை வாய் திறக்காது, மேல் வரிசைகளை அழித்துவிட்டோம். முழு அட்டவணை இருந்தால் கடைசிக் கட்டத்திலிருந்து மேலே ஏறலாம். கேமரா வரிசையில் 12, அதற்கு மேலேயும் 12, ஆகவே கேமரா எடுக்கப்படவில்லை. புத்தக வரிசையில் 12, மேலே 6, ஆகவே புத்தகம் எடுக்கப்பட்டது. 4 கிலோ கழித்து 3ஆம் பத்திக்கு நகர்கிறோம். முறுக்கு வரிசையில் 5, மேலே 1, ஆகவே முறுக்கு டின்னும் பையில் இருக்கிறது. 3 கிலோவையும் கழித்தால் சுழியம். காலணியைப் போட்டுக்கொண்டே விமானம் ஏற வேண்டியதுதான்.